ஒரு மதுரா வழக்கும் ஆறு நாள் குளிரும்

ஊர் திரும்பி நான்கு நாளாகியும் கால் விரல்களில் விறைப்பு முழுதாகப் போகவில்லை. ஜனவரியில் வடக்கே போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை. அங்கங்கே நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

ஜனவரி 10, ஆக்ரா

விடியற்காலை நான்கு மணிக்கு இறங்க வேண்டியவர்கள் பதினொன்றரைக்கு இறங்கினோம். மூடுபனி. ரயில் ஏதோ ஒரு வயல்வெளியில் மூன்று மணி நேரம் நின்றது, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஒன்றும் தெரியவில்லை. எதிர் பர்த்தில் இருந்த பெரியவர் தன் ரஜாயில் பாதியை எடுத்து அக்காவின் கால்மேல் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் வேலை, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு முகலாயர் வரலாறாகப் படித்துத் தள்ளுகிறாள். இந்தப் பயணமே அவள் படித்த ஒரே ஒரு வழக்கினால் வந்தது. 1570களின் கடைசியில் மதுராவில் கிளம்பிய ஒரு புகார், அக்பரின் தலைநகர் வரைக்கும் போய், அரசாங்கத்தின் மதக் கொள்கையையே புரட்டிப் போட்டுவிட்டது. "டேய் தம்பி, தாஜ்மகாலை நீ பாத்துக்கோ, எனக்கு அந்தக் கேஸ் நடந்த எடத்தப் பாக்கணும்" என்று சொல்லித்தான் டிக்கெட்டே எடுக்கச் சொன்னாள். நான் நாக்பூரில் ஐந்து வருடம் இருந்தவன், இந்தி பேசுவேன், அதனால் துணைக்கு.

அறையில் பையைப் போட்டுவிட்டு பேடை சாப்பிடப் போனோம். பூரி மாதிரிதான், ஆனால் உள்ளே உளுந்து மசாலா. காரமான உருளைக்கிழங்குக் குழம்பை மேலேயே ஊற்றித் தருகிறார்கள், பக்கத்தில் சுடச்சுட ஜிலேபி. இரண்டு பேருக்கு 110 ரூபாய். காலை உணவுதான் அது, மதியம் கிடைத்ததே பெரிசு என்று கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை. தூங்கினோம்.

ஜனவரி 11, பத்தேபூர் சிக்ரி

அந்தக் காலத்தில் அக்பரின் தலைநகர் இதுதான். ஆக்ராவின் ஈத்கா பேருந்து நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸில் ஒரு கண்ணாடிக்கு மூடும் கொக்கி இல்லை, வழி முழுக்கக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு ஒரு பையன் ஒட்டிக்கொண்டான். 300 ரூபாய்க்குப் பேசி, உள்ளே போனதும் 800 கேட்டான். அக்கா அவனை நிறுத்தி, பேசியது எவ்வளவு, எங்கே வைத்துப் பேசினோம், கூட யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். 300 வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நாங்கள் தேடி வந்தது இபாதத் கானா, அதாவது வழிபாட்டு இல்லம். 1575ல் அக்பர் கட்டியது. பெயர்தான் வழிபாடு, நடந்தது வாதம். அந்தக் கட்டடம் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. மசூதிக்கு அருகே தோண்டியெடுத்த படிப்படியான மேடை ஒன்றை அதுதான் என்கிறார்கள், அதை ஏற்காதவர்களும் உண்டு. நாங்கள் அந்த மேடையருகே போய் நின்றோம். செங்கல்லும் செம்மண்ணும் புல்லும்தான். ஒரு மயில் நடந்துபோனது.

வியாழக்கிழமை இரவுகளில் கூட்டம் கூடும். ஆரம்பத்தில் முஸ்லிம் அறிஞர்கள் மட்டும்தான். முதல் சண்டையே யார் எங்கே உட்காருவது என்பதில் வந்தது. அக்பர் நான்கு பக்கமும் பிரித்துக் கொடுத்தார்: பிரபுக்கள் கிழக்கே, நபியின் வம்சத்தாரான சையதுகள் மேற்கே, மார்க்க அறிஞர்களான உலமாக்கள் தெற்கே, சூஃபி ஷேக்குகள் வடக்கே. அவர் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர், காதால் கேட்டே எல்லாம் கற்றவர். ஒருவர் ஹலால் என்றதை இன்னொருவர் ஹராம் என்றார், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவது பதாவுனி என்ற அறிஞரால். அவரும் அந்தச் சபையில் இருந்தவர், அக்பரின் போக்குப் பிடிக்காமல் போய் ரகசியமாக ஒரு வரலாறு எழுதி வைத்தார், அது அக்பர் காலத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அக்பருக்கு எதிரான சாட்சி என்பதால்தான் அவர் அக்பருக்குச் சாதகமாகச் சொல்லும் இடங்களை அக்கா அப்படியே நம்புகிறாள்.

சபையில் இரண்டு பெரிய தலைகள். ஒருவர் மக்தூமுல் முல்க், பழைய ஆட்சிகளிலேயே செல்வாக்கோடு இருந்தவர். ஜகாத் என்ற கட்டாய தானத்தைக் கொடுக்காமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வருடம் முழுதாகக் கையில் இருக்கும் சொத்துக்குத்தான் ஜகாத். ஆகவே வருடம் முடியுமுன் எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடுவார், அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்வார். இன்னொருவர் ஷேக் அப்துன் நபி. சதர் என்ற பதவி, மானிய நிலங்களையெல்லாம் கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில். அக்பரே அவருக்குச் செருப்பு எடுத்து வைத்த காலம் ஒன்று உண்டு.

இனி அந்த வழக்கு. இதை நாங்கள் அனூப் தலாவ் என்ற சதுரக் குளத்தின் கரையில் உட்கார்ந்து பேசினோம், ஏனென்றால் வழக்கின் முக்கியமான இரவு நடந்தது அங்கேதான். தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது, நடுவே ஒரு மேடை, அதற்கு நாலு பக்கமும் ஒடுக்கமான கல் பாலம். மேடையில் நின்று சாதாரணமாகப் பேசினாலே கரையில் கேட்கிறது.

மதுராவின் காஜி ஒரு மசூதி கட்டுவதற்காகச் சாமான் சேர்த்து வைத்திருந்தார். ஊரில் வசதியான ஒரு பிராமணர் அந்தச் சாமான்களை எடுத்துக் கோயில் கட்டிவிட்டார். தடுக்கப் போனபோது, சாட்சிகள் முன்னிலையில் நபியைத் திட்டினார் என்று காஜி அப்துன் நபியிடம் புகார் கொடுத்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், பிராமணர் வரவில்லை. பிறகு அக்பர் தன் அவையிலிருந்த பீர்பாலையும் அபுல் பசலையும் அனுப்பி அழைத்து வந்தார். திட்டியது உண்மைதான் என்று விசாரித்ததில் தெரிவதாக அபுல் பசலே சொன்னார். ஆக, நடந்ததைப் பற்றிச் சர்ச்சை இல்லை. தண்டனை என்ன என்பதில்தான் உலமாக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் மரண தண்டனை என்றார்கள், மறு சாரார் அபராதமும் கழுதைமேல் ஊர்வலமும் போதும் என்றார்கள்.

இந்தப் பிளவுக்கு உள்ளே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பிடித்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். சுன்னி சட்டத்தில் நான்கு மத்ஹபுகள், அதாவது சட்ட வழிகள். நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலேயே ஹனஃபி, ஷாஃபி என்று இரண்டு வழக்கம் பார்க்கிறோமே, அதுதான். முகலாய அரசு ஹனஃபி வழி. அந்த வழிக்கு மூலவரான அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி, பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் வாழும் முஸ்லிம் அல்லாத குடிமகன் ஒருவன் நபியைத் திட்டினால் அந்த ஒப்பந்தம் முறிந்துவிடாது. ஒப்பந்தம் நிற்கிறது என்றால் உயிருக்குப் பாதுகாப்பும் நிற்கிறது. மாலிக்கி வழியில் அப்படி இல்லை, அங்கே கொல்லலாம். இந்த ஒரு இடத்தில்தான் ஒரு மனிதனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்துன் நபி மரண தண்டனைக்கு அனுமதி கேட்டார். அக்பர் வெளிப்படையாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மார்க்கத் தண்டனை உங்கள் பொறுப்பு, என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றார். பிராமணர் நீண்ட நாள் காவலில் கிடந்தார். அந்தப்புரப் பெண்கள் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். மறுபடி கேட்டபோதும் அக்பரிடமிருந்து அதே பதில். அப்துன் நபி ஒருநாள் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்.

"இதுல உத்தரவே இல்லையேடா" என்றாள் அக்கா. "வாயால பட்டும் படாமலும் சொன்னத வச்சு ஒரு உயிர எடுத்திருக்காங்க. எங்க கோர்ட்ல ஜாமீன் பேப்பர்ல ஒரு முத்திரை கொறஞ்சாகூட ஆளத் திருப்பி அனுப்புவோம்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. எனக்கும் அவள் கோபம் சரி என்றே பட்டது. ஆனால் அக்பரையும் நான் விடமாட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர்.

பிறகு ஒரு இரவு இந்தக் குளக்கரையில் அக்பர் பேச்சை எடுத்தார். தொண்ணூற்றொன்பது கருத்து விடுவிக்கச் சொல்லி, ஒரே ஒரு கருத்து கொல்லச் சொன்னால், மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தி விடுவிக்கும் பக்கம்தானே போக வேண்டும் என்று பதாவுனியைக் கேட்டார். ஆமாம், சந்தேகம் இருந்தால் தண்டனை விலகும் என்றார் பதாவுனி. அப்படியென்றால் அப்துன் நபிக்கு இது தெரியாதா? அதுவும் அபூ ஹனீஃபாவின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு? பதாவுனி, ஏதாவது காரணம் இருக்கும், கலகத்தை அடக்க நினைத்திருக்கலாம் என்று சமாளித்து, ஒரு மாலிக்கி அறிஞரை மேற்கோள் காட்டினார். ஹனஃபி நாட்டில் மாலிக்கி தீர்ப்பு எப்படிச் செல்லும் என்று உடனே மடக்கினார்கள். அக்பரின் மீசை புலியின் மீசைபோல் விறைத்து நின்றதாம், பின்னால் இருந்தவர்கள் போதும் நிறுத்து என்று சைகை காட்டினார்களாம். அன்றோடு வாதம் செய்வதை விட்டேன், தூரத்தில் நின்று சலாம் வைப்பதோடு சரி என்று பதாவுனி எழுதுகிறார். தான் மூக்குடைபட்ட காட்சியை இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்தவரை எனக்குப் பிடித்துப்போனது.

அந்தச் சமயத்தில் அபுல் பசலின் தந்தை ஷேக் முபாரக் அக்பரைப் பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இந்தக் காலத்தின் இமாம் நீங்களே, இவர்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் 1579ன் மஹ்சர் என்ற சாசனம். அதன் சாரம் இரண்டே வரி: சட்ட அறிஞர்கள் ஒரு விஷயத்தில் வேறுபட்டால், மக்களின் நன்மை கருதி அதில் ஒரு கருத்தைப் பேரரசர் தேர்ந்தெடுக்கலாம், அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். குர்ஆனுக்கு முரணாகாமல், மக்களுக்கு நன்மை தரும் புது ஆணையும் அவர் போடலாம். கையெழுத்துப் போட்டவர்களில் மக்தூமுல் முல்க்கும் அப்துன் நபியும் உண்டு. மனமொப்பிப் போட்டவர் முபாரக் ஒருவரே என்கிறார் பதாவுனி. பெரிய தலைகள் இரண்டையும் ஹஜ்ஜுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த பின் ஒருவர் குஜராத்தில் இறந்தார், அப்துன் நபி காவலில் இறந்தார். மக்தூமுல் முல்க்கின் குடும்பக் கல்லறையில் தங்கக் கட்டிகள் புதைந்து கிடைத்தன.

இந்த வருடங்களில்தான் சபை முழுதாகத் திறந்தது. 1580ல் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார்கள், சமண முனிவர் ஹீரவிஜய சூரி, நவ்சாரியிலிருந்து பார்சி குரு என்று பலர். தேவி என்ற பிராமணரைக் கட்டிலில் உட்கார வைத்து அரண்மனைச் சுவர் பக்கமாகக் கயிற்றில் மேலே இழுத்து, பால்கனி அருகே தொங்கவிட்டே ராத்திரியில் பேசினாராம் அக்பர்.

மதியம் மூன்றரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. வாசலில் ஒரு கிழவரிடம் நிலக்கடலை 20 ரூபாய்க்கு வாங்கினோம், சூட்டுக்காக அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜனவரி 12, மதுரா

ஒருநாள்தான் இருந்தோம். கிருஷ்ண ஜன்மபூமியில் செல்போன், பை எதுவும் உள்ளே விடுவதில்லை. செருப்பை ஒரு இடம், போனை ஒரு இடம் என்று வைத்துவிட்டு, வெளியே வந்து எது எங்கே என்று தெரியாமல் அரை மணி நேரம் பனித் தரையில் வெறுங்காலோடு சுற்றினோம். விறைப்பு தொடங்கியது அங்கேதான். பூக்கார அம்மா ஒருவர் தன் சாக்குப் பையை விரித்து அக்காவை அதன்மேல் நிற்கச் சொன்னார், "நில்லு தாயே" என்பதுபோல் தோளைத் தொட்டு.

சௌக் பஜாரில் உயரமான மசூதி ஒன்றைக் காட்டி, அப்துன் நபி கட்டியது என்றார் ரிக்‌ஷாக்காரர். அக்கா துள்ளிக் குதிக்காத குறை. பிறகுதான் கணக்குப் பார்த்தோம், இவர் வேறு ஆள். ஔரங்கசீப்பின் பௌஜ்தார் என்ற படை அதிகாரி, 1660களின் தொடக்கத்தில் கட்டியவர், 1669ல் ஜாட் விவசாயிகளின் கலகத்தில் கொல்லப்பட்டவர். இடையில் எண்பது வருடத்துக்கு மேல்.

ஆனால் அந்தத் தவறினால் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இதே மதுராவில் 1563ல் வேட்டைக்கு வந்து தங்கிய இளைஞர் அக்பர், யாத்திரிகர்களிடம் வரி வாங்குவதைக் கேள்விப்பட்டு நாடு முழுக்க அதை ரத்து செய்தார். அப்போது இபாதத் கானாவும் இல்லை, மஹ்சரும் இல்லை, அவருக்கு வயது இருபது. ஜஹாங்கீர் காலத்தில் பீர் சிங் பந்தேலா என்ற அரசர் இங்கே பெரிய கேசவ தேவர் கோயில் கட்டினார். 1670ல் ஔரங்கசீப் உத்தரவில் அது இடிக்கப்பட்டது. நாங்கள் செருப்பைத் தொலைத்துச் சுற்றிய சுவர்களுக்கு அந்தப் பக்கம்தான் அது இருந்த இடம்.

பேடா கால் கிலோ 120 ரூபாய். சர்க்கரை தூக்கல், பழுப்பு நிறம், ரயிலில் சாப்பிட நன்றாக இருந்தது.

ஜனவரி 13, சிர்ஹிந்த்

டெல்லி போய் ரயில் மாற வேண்டும். ஐந்து மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள், பிறகு அது ஆறாயிற்று. பிளாட்பாரத்தில் தேநீர் விற்றவர் மூன்றாவது கோப்பைக்குக் காசு வாங்கவில்லை.

பஞ்சாபுக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. அன்றைக்கு லோஹ்ரி என்பதே எங்களுக்கு நினைவில்லை. தெருவுக்குத் தெரு தீ மூட்டி, எள்ளுருண்டை போன்ற ரேவடியும் பொரியும் கடலையும் தீயில் போடுகிறார்கள். நம் ஊரில் மறுநாள் விடிகாலை போகி கொளுத்துவார்களே என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டுக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தீயருகே நாற்காலியில் உட்காரவைத்து, கை நிறையக் கடலை கொடுத்தார். விடுதி தேடுவதையும் அவர் மகனே செய்துகொடுத்தான்.

ஜனவரி 14, சிர்ஹிந்த்

அக்பர் திறந்த கதவைச் சாத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தவர் இந்த ஊர்க்காரர். ஷேக் அகமது சிர்ஹிந்தி, 1564ல் பிறந்தவர். நக்‌ஷபந்தி சூஃபி. அவருடைய சமாதி ரவுசா ஷரீஃப் என்ற பெயரில் இருக்கிறது, வெள்ளைக் கும்மட்டம், முற்றத்தில் காய்ந்த இலைகள், எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். ஒரு பெரியவர் என்னிடம் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார்.

சிர்ஹிந்தியின் ஆயுதம் கடிதம். ஐந்நூறுக்கு மேல் கடிதங்கள், பிரபுக்களுக்கும் சீடர்களுக்கும். அக்பர் காலத்தில் இஸ்லாம் நலிந்துவிட்டது, ஷரீஅத்தை மறுபடி நிலைநாட்ட வேண்டும், முஸ்லிம் அல்லாதவர்கள்மேல் ஜிஸ்யா வரி வேண்டும் என்பார். எல்லாம் ஒன்றே என்ற சூஃபிகளின் அத்வைதம் போன்ற கொள்கைக்கு அவர் சொன்ன மறுப்பு அழகானது: ஒன்றாகத் தெரிவது பார்ப்பவனின் அனுபவத்தில்தான், சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது, அதற்காக நட்சத்திரம் இல்லை என்று ஆகாது. படைத்தவன் வேறு, படைப்பு வேறு. இந்த நுட்பமான மூளைதான் 1606ல் சீக்கிய குரு அர்ஜன் கொல்லப்பட்டதற்கு மகிழ்ந்தும் எழுதியது. இரண்டையும் ஒருவரே எழுதினார் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மறுமலர்ச்சிக்காரரை அரசு தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. தன் ஆன்மிக ஏற்றத்தில் முதல் கலீஃபா அபூபக்கரின் நிலையையும் தாண்டிப் போனதாகத் தோன்றும்படி ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். 1619ல் ஜஹாங்கீர் அவரை அழைத்து விசாரித்து, கர்வம் பிடித்தவர் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதி, குவாலியர் கோட்டையில் அடைத்தார். ஒப்படைத்தது அனீராய் சிங் தலன் என்ற ராஜபுத்திரரிடம். அடுத்த வருடம் விடுவித்து, அங்கியும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்.

இன்னொன்று, இது அக்காவே அசந்துபோனது. சிர்ஹிந்தியின் மகனும் பேரர்களும் ஔரங்கசீப்போடு கடிதத் தொடர்பில் இருந்தவர்கள். ஆனாலும் அதே ஔரங்கசீப் ஆட்சியில், 1679ல், சிர்ஹிந்தியின் கடிதங்களில் உள்ள சில கருத்துகள் மார்க்கத்துக்கு முரண் என்று அவற்றைப் பரப்புவதைத் தடுக்கச் சொல்லி ஔரங்காபாத்துக்கு ஓர் உத்தரவு போயிருக்கிறது. அந்த வருடம்தான் அவர் கேட்ட ஜிஸ்யா திரும்ப வந்தது. அவர் கேட்டது கிடைத்தது, அவர் எழுத்துக்குத் தடை வந்தது. சிர்ஹிந்தி விதைத்தார், ஔரங்கசீப் அறுவடை செய்தார் என்று ஒரே கோடாக இழுக்கிற கதையை இதன் பிறகு நான் நம்புவதில்லை.

ரவுசாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் பத்தேகட் சாகிப் குருத்வாரா. குரு கோவிந்த் சிங்கின் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஏழு வயதும் ஒன்பது வயதும், ஔரங்கசீப்பின் கடைசி வருடங்களில் சிர்ஹிந்த் ஆளுநரின் உத்தரவில் கொல்லப்பட்ட இடம். உள்ளே சுவரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. லங்கர் என்ற பொதுப் பந்தியில் ரொட்டியும் பருப்பும் கீரும் போட்டார்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அக்கா ஒரு கையை நீட்டினாள், பரிமாறிய பையன் சிரித்துக்கொண்டே அவள் இன்னொரு கையையும் எடுத்துச் சேர்த்துவிட்டான்.

ஜனவரி 15, டெல்லி

பொங்கல் அன்றைக்கு டெல்லியில் ஒரு சந்தில் நிஹாரி சாப்பிட்டேன், அக்காவுக்கு எதிரே கச்சோரி. 9 டிகிரி. செங்கோட்டையிலிருந்து ஜும்மா மசூதிக்கு நடந்தோம். நடக்கவே முடியாத கூட்டம், வண்டி, கம்பளி வியாபாரம். 1679ல் ஜிஸ்யாவை எதிர்த்து டெல்லி மக்கள் ஒரு வெள்ளிக்கிழமை இதே வழியை அடைத்து நின்றார்கள். தொழுகைக்குப் போன பேரரசருக்கு வழி கிடைக்கவில்லை. யானைகளை விட்டார்கள், பலர் மிதிபட்டுச் செத்தார்கள். காஃபி கான் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

அந்த வரியின் விகிதம் நேர்மையாக இல்லை. 200 திர்ஹாமுக்குக் குறைந்த சொத்துக்காரன் வருடத்துக்கு 12 திர்ஹாம், 10,000 வரை 24, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 48 தான். கூலிக்காரனுக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், பெரிய வியாபாரிக்குத் தூசு. பெண்கள், குழந்தைகள், கண் தெரியாதவர்கள், பரம ஏழைகள், அரசு ஊழியர்கள் கொடுக்க வேண்டாம். ஆகவே அரண்மனையில் இருந்த ராஜபுத்திரப் பிரபுவுக்கு வரி இல்லை, சாந்தினி சௌக்கில் மூட்டை தூக்கியவனுக்கு உண்டு. வசூலிக்க உலமாக்களையே நியமித்தார்கள்.

ஔரங்கசீப் 1658ல் அரசரானவர். இது மதப் பற்று மட்டும் என்றால் இருபத்தோரு வருடம் ஏன் காத்திருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். 1659ல் காசி பிராமணர்களையும் பழைய கோயில்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவரே ஆணை போட்டிருக்கிறார். பத்து வருடத்தில் காசி விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது. இடையில் சிவாஜியோடு சண்டை, ஜாட் கலகம், பின்னர் மார்வார் வாரிசுச் சண்டை, மானியம் கேட்டு நிற்கும் உலமாக் கூட்டம். எனக்குத் தோன்றுவது, பற்றும் உண்மை, கணக்கும் உண்மை, இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் 1679 விளங்காது.

மசூதிப் படிகளுக்கு எதிரே உருது பஜார். அக்காவுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஃபத்தாவா ஆலம்கிரி என்ற பெயரை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மஹர் வழக்கின் தீர்ப்பு நகலில் தட்டச்சு செய்திருக்கிறாள், அப்போது அது என்னவென்று தெரியாது. ஔரங்கசீப் தன் ஆட்சியில் ஷேக் நிஜாம் என்பவர் தலைமையில் ஒரு அறிஞர் குழுவை உட்காரவைத்து, ஹனஃபி தீர்ப்புகளையெல்லாம் தொகுக்கச் சொன்னார். சில வருடம் பிடித்தது, இரண்டு லட்சம் ரூபாய் செலவு. வெள்ளைக்காரன் கோர்ட்டும் முஸ்லிம் தனிச்சட்டத்துக்கு அதைத்தான் புரட்டினான், இப்போதும் தீர்ப்புகளில் மேற்கோள் வருகிறது. முன்சீப், வக்கீல், ஜாமீன், ஜப்தி, அமீனா என்று அவள் வாழ்நாள் முழுக்கப் புழங்கிய சொற்கள் எல்லாம் வந்த வழியும் அதே வழிதான்.

மூன்றாவது கடையில் உருது மொழிபெயர்ப்பு இருந்தது. வயதான கடைக்காரர், மூக்குக்கண்ணாடியில் ஒரு காது கயிறு. நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு தொகுதியை இறக்கித் தூசி தட்டி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினார். முதலில் ஒரு பழைய அறிஞர் இப்படிச் சொன்னார் என்று வருகிறது. பிறகு இன்னொருவர் இல்லை அப்படி என்கிறார். மூன்றாவது கருத்தும் உண்டு. அப்புறம் கடைசியில் இரண்டே சொல். அதை அவர் மூல அரபியில் சொல்லி, பிறகு இந்தியில் எங்களுக்குச் சொன்னார்: "இதன் மேல்தான் ஃபத்வா."

"நம்ம தீர்ப்புல கடைசி பாரா மாதிரி" என்றாள் அக்கா. "வாதி சொன்னான், பிரதிவாதி சொன்னான், ஆகவே இப்படி உத்தரவிடப்படுகிறது."

அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கடைக்காரர் தலையாட்டினார். அந்தக் கடைசி வரியை மஹ்சர் பேரரசரின் கையில் கொடுத்தது, இந்தப் புத்தகம் ஒரு குழுவின் கையில் கொடுத்திருக்கிறது என்று நானும் அக்காவும் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். குழுவை உட்காரவைத்ததும் பேரரசர்தானே என்றாள் அவள். மதுரா வழக்கு அதில் எந்தப் பக்கம் முடியும் என்று தேடித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை, கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள், கேட்கவில்லை.

முழுத் தொகுதியையும் ரயிலில் தூக்கிவர முடியாது, அவள் படிக்கவும் முடியாது. அந்த ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பெரியவர் புத்தகத்தை வெளிச்சத்துக்காகத் தெருப்பக்கம் திருப்பி, இரண்டு ஓரத்தையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குளிரில் அவர் விரல் நடுங்கியதால் முதல் படம் சரியாக வரவில்லை. இரண்டாவது வந்தது.